டேகேரா, ஆயாவா, தாத்தா பாட்டியா: முடிவெடுக்கும்போது செய்கிற தவறுகள்

பேறுகால விடுப்பு முடியப்போகிறது என்றதும் வீட்டில் ஒரு பேச்சு ஆரம்பிக்கும். டேகேரில் விட்டால் இவ்வளவு, ஆள் வைத்தால் இவ்வளவு, அம்மா பார்த்துக்கொண்டால் செலவே இல்லை. இந்த மூன்றையும் மாதச் செலவை வைத்து ஒப்பிடுவதுதான் முதல் தவறு. மூன்றுமே எல்லாம் ஒழுங்காக நடக்கிற நாளில் நன்றாகவே ஓடும். காய்ச்சல் வரும் நாள், ஆயா வராத நாள், பாட்டிக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும் நாள், இவற்றில்தான் வித்தியாசம் தெரியும்.

என் தோழி ஒருத்தியின் கணக்கைச் சொல்கிறேன். குழந்தைக்கு ஒன்பது மாதம். அவளுக்கு வேலை நேரம் காலை 9 முதல் மாலை 6 வரை. வீட்டுக்குப் பத்து நிமிடத் தொலைவில் ஒரு நல்ல டேகேர், காலை 8.30க்குத் திறந்து மாலை 6.30க்கு மூடுவார்கள். பத்து மணி நேரம் இருக்கிறதே, போதும் என்று பணம் கட்டிவிட்டாள். அங்கிருந்து ஆபீசுக்கு நாற்பது நிமிடம். 8.30க்குக் குழந்தையை விட்டு, அழுகை அடங்கி அவள் வெளியே வர 8.40. ஆபீசில் நுழையும்போது 9.20. மாலை 6க்குக் கிளம்பினாலும் டேகேர் வாசலுக்கு வர 6.40. ஆக, தினமும் காலையில் இருபது நிமிடமும் மாலையில் பத்து நிமிடமும் இடித்தது. காகிதத்தில் பார்த்தால் அரை மணி நேரம்தான். தினமும் இரண்டு பக்கமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஓடினால் ஒரு மாதம்கூடத் தாங்காது.

அதனால் டேகேரைப் பார்க்கப் போகும் முன்பே, வீட்டிலிருந்து கிளம்புவது முதல் திரும்பி வருவது வரை ஒரு நாளை மணிவாரியாக எழுதிப் பார்க்க வேண்டும். முடிந்தால் ஒருமுறை அந்த நேரத்திலேயே அந்த வழியில் போய்ப் பார்ப்பது இன்னும் நல்லது.

அடுத்தது நோய் நாள். கூட்டமாகக் குழந்தைகள் இருக்கும் இடத்துக்குப் புதிதாகப் போகும் குழந்தைக்கு முதல் சில மாதங்கள் சளியும் காய்ச்சலும் மாறி மாறி வரும். சின்னக் குழந்தைகளுக்கு வருடத்தில் ஆறு, எட்டு முறை சளி பிடிப்பது சாதாரணம். டேகேர் மோசம் என்று அதற்கு அர்த்தமில்லை. ஆனால் காய்ச்சலோடு குழந்தையைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். மருந்து கொடுக்காமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்தால்தான் வரலாம் என்பது பல இடங்களில் விதி. செவ்வாய்க்கிழமை காய்ச்சல் அடித்தால் வியாழன் வரை போய்விடும். ஆறு முறை அப்படி ஆனால் பதினெட்டு நாள். இருக்கிற லீவைப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அந்தப் பதினெட்டில் அப்பா எத்தனை, அம்மா எத்தனை என்பதை வேலைக்குத் திரும்பும் முன்பே பேசிவிட வேண்டும். காய்ச்சல் வந்த காலையில் பேசினால், யாருடைய மீட்டிங் முக்கியம் என்ற சண்டையாகத்தான் முடியும்.

ஆள் வைத்தால் இந்தச் சளித் தொல்லை குறைவு, நேரமும் நம் வசதிக்கு வளையும். ஆனால் எல்லாம் ஒரே ஒருவரை நம்பி நிற்கிறது. அவர் வராவிட்டால் முன்னறிவிப்பே இருக்காது. பலர் செய்யும் தவறு, தெரிந்தவர் சொன்னார் என்பதோடு நிறுத்திக்கொள்வது. முன்பு வேலை பார்த்த வீட்டுக்கு நீங்களே போன் செய்து, "ஏன் நின்றார்கள், சொல்லாமல் எத்தனை நாள் வராமல் இருந்தார்கள்" என்று கேளுங்கள். பிறகு ஒரு வாரமாவது சம்பளம் கொடுத்து, நீங்கள் வீட்டில் இருக்கும்போதே பார்த்துக்கொள்ள விடுங்கள். குழந்தை அழும்போது அவர் கை எங்கே போகிறது என்று கவனியுங்கள்: குழந்தையிடமா, போனிடமா? வார விடுமுறை, லீவுச் சம்பளம், நிற்பதாக இருந்தால் எத்தனை நாள் முன்பு சொல்வது, மூன்றையும் முதல் நாளே பேசிவிட்டால் பின்னால் மனக்கசப்பு இல்லை.

பாட்டி விஷயம்தான் சிக்கல். "நான் இருக்கேன், நீ போயிட்டு வா" என்று சொல்லும்போது அவர்கள் மனதில் இருப்பது மடியில் கொஞ்சுகிற குழந்தை. ஒன்பது மாதக் குழந்தை எட்டு ஒன்பது கிலோ இருக்கும், தவழும், எதையும் பிடித்து எழுந்து நிற்கும். தரையிலிருந்து ஒரு நாளைக்கு இருபது தடவையாவது தூக்க வேண்டும். என் தோழியின் அம்மாவுக்கு 64 வயது, முழங்கால் வலி உண்டு. ஒரு சோதனை செய்தார்கள். தொடர்ந்து மூன்று நாள், முழு வேலை நேரமும் பாட்டி மட்டும். தோழி வெளியே போய்விட்டாள். இரண்டாம் நாள் மாலை கதவைத் திறந்தபோது, பாட்டி தரையில் உட்கார்ந்தபடியே, "எழுந்திருக்க முடியலடி, கொஞ்சம் கை குடு" என்றார். கேட்டிருந்தால் முடியாது என்று வாயால் சொல்லியிருக்க மாட்டார்.

தாத்தா பாட்டியிடம் விடுவதில் இன்னும் ஒன்று, பழக்கங்கள். பல நாடுகளில் 1990கள் வரை குழந்தையைக் குப்புறப் போட்டுத் தூங்கவைக்கச் சொன்னதே மருத்துவர்கள்தான். இன்று ஒரு வயது வரை மல்லாக்கப் போட்டுத்தான் தூங்கவைக்க வேண்டும் என்கிறார்கள். தேன் ஒரு வயதுக்கு முன் கூடாது. இதை மகளோ மருமகளோ சொன்னால், "உன்னை நான் வளர்க்கலையா" என்று வரும். தடுப்பூசிக்குப் போகும்போது பாட்டியையும் கூட்டிப் போய், மருத்துவர் வாயாலேயே கேட்க வைப்பது சுலபம். அப்படியே அவர்களுடைய பிரஷர், சர்க்கரை மாத்திரை டப்பாவை உயரத்துக்கு மாற்றிவிடுங்கள். தவழும் குழந்தை உள்ள வீட்டில் அது சின்ன விஷயமில்லை.

கடைசியில் தோழி மூன்றில் ஒன்று என்று தேர்ந்தெடுக்கவில்லை. ஆபீஸ் பத்து மணிக்குத் தொடங்கும் கணவர் காலையில் டேகேரில் விடுகிறார். மாலை ஐந்தரைக்குப் பாட்டி போய்க் கூட்டிவந்து, ஏழு மணி வரை பார்த்துக்கொள்கிறார். ஒன்பது மணி நேரம் முடியாதவருக்கு ஒன்றரை மணி நேரம் சந்தோஷம். காய்ச்சல் நாளில் முதல் நாள் அப்பா, இரண்டாம் நாள் அம்மா, மூன்றாம் நாள் பாட்டி. டேகேரில் கொடுத்த அவசர எண்களும் இதே வரிசையில்தான்.

இன்னொரு தவறைப் பலர் கவனிப்பதே இல்லை: வேலைக்குத் திரும்பும் நாளிலேயே குழந்தையையும் புது இடத்தில் விடுவது. எட்டு மாதவாக்கில் அம்மாவைப் பிரிந்தால் அழும் குணம் தொடங்கி, பத்து முதல் பதினெட்டு மாதத்துக்குள் உச்சத்துக்குப் போகும். பலர் வேலைக்குத் திரும்புவதும் சரியாக அந்தச் சமயம்தான். இரண்டு மூன்று வாரம் முன்பே தொடங்குங்கள். முதல் இரண்டு நாள் ஒரு மணி நேரம் நீங்களும் கூட உட்காருங்கள். மூன்றாம் நாள் "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு இருபது நிமிடம் வெளியே போய் வாருங்கள். கண்ணில் படாமல் நழுவாதீர்கள், அதற்குப் பிறகு குழந்தை உங்களைக் கண்ணைவிட்டு அகலவே விடாது. இரண்டாம் வாரம் ஒரு தூக்கத்தையும் சேர்த்து அரை நாள். முடிந்தால் வேலைக்குப் புதன்கிழமை திரும்புங்கள், முதல் வாரம் மூன்றே நாளில் முடிந்துவிடும்.

விட்டுவிட்டு வரும்போது அழுவது பெரிய அறிகுறி இல்லை. பத்து நிமிடம் கழித்து போன் செய்து, "இப்போது என்ன செய்கிறது" என்று கேளுங்கள். விளையாடுகிறது, பராக்குப் பார்க்கிறது என்றால் சரி. மூன்று நான்கு வாரம் கழித்தும் அங்கே தூங்கவில்லை, பால் குடிக்கவில்லை, பார்த்துக்கொள்பவர் கையை நீட்டினாலே உடம்பை விறைக்கிறது என்றால், சொல்லாமல் ஒருநாள் நடுப்பகலில் போய் நில்லுங்கள்.