விடுதிக்குப் போன மகனுக்கு ஒரு மாதத்துக்கான பொதி கட்டும் முறை

புலமைப்பரிசில் பரீட்சை எழுதி, ஆறாம் தரத்துக்கு மட்டக்களப்பு நகரத்தில் ஒரு பாடசாலை விடுதிக்குப் போனான் என் மகன். வயது பத்து. நாங்கள் வெல்லாவெளிப் பக்கம். மாதத்தில் ஒரு ஞாயிறுதான் பார்க்க விடுவார்கள். வாளி, துவாய், நுளம்பு வலைக்கு விடுதியே பட்டியல் தந்துவிடும். அதில் இல்லாத, நாம் கையால் செய்து கட்டும் பொதியைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

முதல் பொதியை பிஸ்கட் டின்னில் கட்டினேன். கச்சான் உருண்டையைப் பிடித்த கையோடு, சூடு ஆறுமுன் போட்டு மூடி, சுற்றிவர டேப்பும் ஒட்டினேன். அடுத்த மாதம் போனால் டின் அப்படியே இருக்கிறது. அவனுடைய கைக்கு அந்த மூடி அசையவில்லை, பெரிய பொடியன்மாரிடம் கேட்கவும் கூச்சம். நான் திறந்தபோது உருண்டைகள் ஒட்டிப்போய், மேலே பூஞ்சணம் பூத்திருந்தது. அன்று அவன் முகத்தைப் பார்த்தபின் ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டு வந்த முறை இது.

கச்சான் 500 கிராம் வறுத்துத் தோல் நீக்குங்கள். சர்க்கரை 300 கிராமை அரைக் கோப்பைத் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, தாச்சியில் காய்ச்சுங்கள். எல்லாம் பாகின் பதத்தில்தான் இருக்கிறது. ஒரு கிண்ணத்தில் பச்சைத்தண்ணீர் வைத்துக்கொண்டு, ஒரு சொட்டுப் பாகை அதில் விடுங்கள். விரலில் பிசைபடும் மென்மையான உருண்டையாக வந்தால் இன்னும் காய்ச்ச வேண்டும். கெட்டியாகி, தட்டில் போட்டால் 'டக்' என்று சத்தம் வர வேண்டும். அதற்கு முன்னரே இறக்கினால் பாகில் தண்ணீர் மிஞ்சும், இரண்டு மூன்று நாளிலேயே உருண்டை ஒட்டத் தொடங்கும். மாரி காலத்து ஈரக்காற்றில் இன்னும் கெதியாக. பதம் வந்ததும் அடுப்பை அணைத்து, கச்சானைக் கொட்டிக் கிளறி, கையில் அரிசிமா தொட்டுக்கொண்டு சூட்டோடு பிடியுங்கள். சின்ன உருண்டையாகப் பிடித்தால் ஏறக்குறைய நாற்பது வரும்.

அடுத்தது ஆறவைப்பது. அகன்ற தட்டில் ஒன்றோடொன்று முட்டாமல் பரப்பி, ஒரு இரவு முழுவதும் மெல்லிய துணியால் மூடி விடுங்கள். வெளியே ஆறியதுபோலத் தெரியும், உள்ளே சூடு இருக்கும். அந்தச் சூடுதான் மூடிக்குள் ஆவியாகி, வியர்த்து, பூஞ்சணத்தைக் கொண்டுவருகிறது. சந்தேகமாக இருந்தால் ஒன்றை உடைத்து, நடுவை உதட்டில் வைத்துப் பாருங்கள்.

பிறகு பத்துப் பத்தாக நான்கு சிறிய சிப் பைகளில் போட்டு, மேலே வாரம் 1, 2, 3, 4 என்று எழுதுங்கள். மகனின் அறையில் ஐந்து பேர், ஆளுக்கு இரண்டு. ஒரே பையில் கொடுத்தால் முதல் இரவே தீர்ந்துவிடும், பிறகு மூன்று கிழமைக்கு ஒன்றும் இருக்காது. நான்கு பையையும் அகன்ற வாயுள்ள, திருகு மூடிப் பிளாஸ்டிக் போத்தலில் இறக்குங்கள். என்னைக் கேட்டால் டின் வேண்டவே வேண்டாம், கண்ணாடியும் வேண்டாம். திருகு மூடிக்குள் எறும்பு போகாது, பிள்ளையும் தானாகத் திறப்பான். வீட்டில் இருக்கும்போதே அவன் கையில் கொடுத்து, மூன்று முறை திறந்து மூடச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு பையோடும் ஒரு சின்னக் கடிதம். முதலில் "நீ இல்லாமல் வீடே வெறிச்சோடிக் கிடக்குது மனே" என்று எழுதினேன். அவன் சொன்னது: "அம்மா, அதை ராவைக்கு வாசிச்சா அழுகை வருது." இப்போது வீட்டில் நடந்ததை மட்டும் எழுதுகிறேன். சிவப்பி கன்று போட்டதும், முற்றத்து மாமரம் பூத்ததும், அப்பா தோணியில் போய் என்ன மீன் கொண்டுவந்தார் என்பதும். கடைசியில் அவன் பதில் எழுத ஒரு கேள்வி: கன்றுக்கு என்ன பெயர் வைக்கலாம்? வெற்றுத் தாளும் பென்சிலும் கூடவே வையுங்கள்.

மருந்தைப் பொதிக்குள் ஒளித்து வைக்காதீர்கள். பனடோல் என்றாலும் விடுதிப் பொறுப்பாளரின் கையில் கொடுத்து, எவ்வளவு, எப்போது என்று எழுதிக் கொடுங்கள்.

பின்சேர்க்கை: திருக்கோவிலில் இருந்து ஒரு தாய் எழுதியிருந்தார். அவருடைய மகளின் அறையில் கச்சான் ஒத்துக்கொள்ளாத பிள்ளை ஒன்று இருக்கிறதாம். இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். பகிர்ந்து தின்னும் இடம் என்பதால் பொதி கட்டுமுன் பொறுப்பாளரிடம் கேட்டுவிடுங்கள். அப்படி யாராவது இருந்தால் கச்சானும் எள்ளும் வேண்டாம். அதே பாகில் நெற்பொரி உருண்டை பிடிக்கலாம், ஆனால் கச்சான் வறுத்த தாச்சியையும் அகப்பையையும் நன்றாகக் கழுவிய பிறகுதான். பொரி சீக்கிரம் நமுத்துவிடும், அதனால் முதல் வாரப் பையில் மட்டும் அதைப் போட்டு, மற்ற மூன்று பைக்கும் எள்ளுப் போடாமல் நன்றாகப் பொரித்து ஆறவைத்த முறுக்கு வையுங்கள்.