காலியான மின்தேக்கியும் முதல் கண மின்னோட்டமும்: தொடர் ரெசிஸ்டர் போடும் முறை

மோட்டார் டிரைவர் பலகை ஒன்றை 24 வோல்ட் பேட்டரியில் இணைக்கிறீர்கள். சுவிட்சைப் போட்டதும் 'டப்' என்று ஒரு பொறி. மோட்டார் இன்னும் ஓடவில்லை, பலகையில் ஒரு விளக்குகூட முழுதாக எரியவில்லை. ஆனாலும் ஃபியூஸ் போய்விடுகிறது. ஷார்ட் எங்கே என்று மல்டிமீட்டரை வைத்துத் தேடினால் எதுவும் கிடைப்பதில்லை. பலகையின் உள்வாசலில் நிற்கும் பெரிய மின்தேக்கிதான் காரணம். அது பழுதாகவும் இல்லை. காலியாக இருந்தது, அவ்வளவுதான்.

10,000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி, 24 வோல்ட் பேட்டரி என்ற ஒரே எடுத்துக்காட்டை வைத்து இதைச் சரிசெய்வோம். மின்தேக்கியின் மேல் 35 வோல்ட் அல்லது 50 வோல்ட் என்று அச்சிட்டிருக்க வேண்டும். அது எலக்ட்ரோலிட்டிக் வகை என்பதால் துருவம் மாறவே கூடாது. வீட்டு மின்சாரத்தை நேராக எடுத்து இதைச் செய்து பார்க்க வேண்டாம். கணக்கு அங்கேயும் ஏறக்குறைய இதேதான், ஆனால் தவறு நேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

முதலில்: எவ்வளவு பாய்கிறது?

மின்தேக்கியின் மின்னழுத்தம் ஒரே கணத்தில் தாவாது. மின்னூட்டம் உள்ளே சேரச் சேரத்தான் அது ஏறும். ஆகவே சுவிட்ச் மூடும் கணத்தில் மின்தேக்கியின் இரு முனைகளுக்கு இடையே இருப்பது பூஜ்ய வோல்ட். பேட்டரியின் 24 வோல்ட் முழுவதும் வழியில் உள்ள மின்தடையின் மேல் விழுகிறது. அந்த மின்தடை எவ்வளவு? பேட்டரியின் உள்மின்தடை, வயர், சுவிட்சின் தொடுமுனை, மின்தேக்கியின் சொந்த உள்மின்தடை எல்லாம் சேர்த்து 0.06 ஓம் என்று கொள்வோம். தடித்த வயரும் நல்ல பேட்டரியும் இருந்தால் இது நடக்கக்கூடிய அளவுதான்.

```
I = V / R = 24 / 0.06 = 400 A
```

400 ஆம்பியர்! 10 ஆம்பியர் சுவிட்ச் வழியாக. வயரின் தூண்டல் இந்த உச்சத்தைச் சற்றே மழுங்கடிக்கும், பெரிதாகக் குறைத்துவிடாது. இது நீடிப்பதும் ஒன்றிரண்டு மில்லிநொடிதான். ஆனால் சுவிட்சின் தொடுமுனைகள் முதல் முறை மோதியதும் அமைதியாக உட்கார்ந்துவிடுவதில்லை. சில மில்லிநொடி துள்ளுகின்றன. மின்னோட்டம் உச்சத்தில் இருக்கும் நேரமும் அவை துள்ளும் நேரமும் ஒன்றாக அமைந்துவிடுகின்றன. உலோகம் புள்ளியளவில் உருகி, ஆறும்போது ஒட்டிக்கொள்கிறது. 'சுவிட்சை அணைத்தேன், அணையவில்லை' என்ற புகாரின் பின்னால் பல நேரம் இருப்பது இதுதான்.

பேட்டரிக்குப் பதிலாக மின்னோட்ட வரம்புள்ள பவர் சப்ளை இருந்தால் பெரும்பாலும் அவ்வளவு பெரிய பொறி வராது. வேறு விதமாகத் தெரியும்: சப்ளை அதிக சுமை என்று நினைத்து அணையும், மறுபடி எழும், மறுபடி அணையும்.

மெதுவாக்கிப் பாருங்கள்

ரெசிஸ்டர் என்ன செய்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க ஒரு எளிய வழி உண்டு. 1 கிலோஓம், 1 வாட் ரெசிஸ்டரை மின்தேக்கியுடன் தொடராக இணையுங்கள். மல்டிமீட்டரை ரெசிஸ்டரின் இரு முனைகளிலும் வைத்து, சுவிட்சைப் போட்டு நேரத்தைக் கவனியுங்கள். மீட்டர் 24 வோல்ட்டில் தொடங்கி இறங்கும். 10 நொடியில் 8.8, 20 நொடியில் 3.2, 30 நொடியில் 1.2 வோல்ட் என்று இறங்க வேண்டும். ரெசிஸ்டரின் மேல் உள்ள வோல்ட்டை 1000 ஆல் வகுத்தால் அந்தக் கணத்து மின்னோட்டம் கிடைக்கும். தொடக்கத்தில்கூட 24 மில்லிஆம்பியர்தான்.

அந்த 10 நொடிக்கு நேர மாறிலி என்று பெயர். மின்தடையையும் மின்தேக்குதிறனையும் பெருக்கினால் வருவது அது. 10,000 மைக்ரோஃபாரட் என்பது 0.01 ஃபாரட், ஆகவே 1000 × 0.01 = 10. உங்கள் கடிகாரம் 8 அல்லது 12 நொடி காட்டினால் பதற வேண்டாம். எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கிகளில் அச்சிட்ட மதிப்புக்கு 20 சதவீதம் கூடுதல் குறைவு சாதாரணம்.

சரியான ரெசிஸ்டரைத் தேர்ந்தெடுத்தல்

50 நொடி காத்திருக்க யாருக்கும் பொறுமை இருக்காது. எனவே காத்திருக்கக்கூடிய நேரத்திலிருந்து கணக்கைத் தொடங்குங்கள். ஐந்து நேர மாறிலிகளில் மின்தேக்கி 99 சதவீதத்துக்கு மேல் நிரம்பிவிடும். ஒரு நொடி போதும் என்றால்:

```
R = t / (5 × C) = 1 / (5 × 0.01) = 20 ohm
```

எளிதில் கிடைக்கும் அடுத்த மதிப்பு 22 ஓம். இப்போது உச்ச மின்னோட்டம் 24 / 22, அதாவது சுமார் 1.1 ஆம்பியர். 400 எங்கே, 1.1 எங்கே!

அடுத்து வாட். இங்கேதான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். முதல் கணத்தில் ரெசிஸ்டரில் வெப்பமாகும் திறன் 24 × 24 / 22, அதாவது 26 வாட். அப்படியானால் 30 வாட் ரெசிஸ்டர் வாங்க வேண்டுமா? வேண்டாம். அந்த 26 வாட் உடனே சரியத் தொடங்கிவிடுகிறது. முழு ஏற்றத்திலும் ரெசிஸ்டரில் சேரும் ஆற்றல் இவ்வளவுதான்:

```
E = 0.5 × C × V² = 0.5 × 0.01 × 24² = 2.88 J
```

இந்தச் சமன்பாட்டில் R இல்லை என்பதைக் கவனியுங்கள். 22 ஓம் போட்டாலும் 1 கிலோஓம் போட்டாலும் வெப்பமாகும் ஆற்றல் 2.88 ஜூல்தான். ரெசிஸ்டரே போடாதபோதும் அதே 2.88 ஜூல் செலவானது, ஆனால் தொடுமுனையிலும் வயரிலும் ஃபியூஸிலும், கண் இமைப்பதற்குள். தொடர் ரெசிஸ்டர் இழப்பைக் குறைப்பதில்லை. இழப்பு எங்கே, எவ்வளவு மெதுவாக நடக்க வேண்டும் என்பதை நம் கைக்குக் கொண்டுவருகிறது. எனக்கு இந்தப் பாடத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

5 வாட் கம்பிச் சுற்று ரெசிஸ்டர், அதாவது வெள்ளை சிமெண்ட் உடல் கொண்டது, இந்த வேலைக்குப் பொருந்தும். அதன் கம்பிக்கும் உடலுக்கும் குறுகிய வெப்பத் துடிப்பை விழுங்கும் கனம் இருக்கிறது. கால் வாட் ஃபிலிம் ரெசிஸ்டரின் மெல்லிய படலத்துக்கு அது கிடையாது. முதல் முறை தாங்கினாலும் நாளடைவில் திறந்துபோகும்.

ரெசிஸ்டரை விலக்கும் தருணம்

22 ஓமை வழியிலேயே விட்டுவைக்க முடியாது. மோட்டார் 5 ஆம்பியர் கேட்டால் ஓம் விதிப்படி ரெசிஸ்டரிலேயே 110 வோல்ட் விழ வேண்டும், நம்மிடமோ 24தான் உண்டு. மின்தேக்கி நிரம்பியதும் ரெசிஸ்டரைக் குறுக்கே மூட இரண்டாவது சுவிட்சோ ரிலேயோ தேவை. முதல் சுவிட்ச் பேட்டரிக்கும் ரெசிஸ்டருக்கும் நடுவே. இரண்டாவது, ரெசிஸ்டருக்கு இணையாக. ஃபியூஸ் பேட்டரிக்கு அருகில்.

வரிசை இப்படி: சுமை அணைந்த நிலையில் முதல் சுவிட்ச், காத்திருப்பு, இரண்டாவது சுவிட்ச், கடைசியாகச் சுமை. இரண்டாவதை மூடும் கணத்தில் மின்தேக்கி இன்னும் எட்டாத மீதி வோல்ட் அந்தப் பழைய 0.06 ஓம் மேல் விழும். அதாவது இன்னொரு சிறிய பாய்ச்சல் உண்டு. ஐந்து நேர மாறிலி காத்திருந்தால் மீதி 0.16 வோல்ட், பாய்வது 3 ஆம்பியருக்கும் குறைவு. மூன்றிலேயே மூடினால் மீதி 1.2 வோல்ட், 20 ஆம்பியர். அவசரப்பட்டு இரண்டில் மூடினால் 54 ஆம்பியர். பொறி மறுபடி தென்பட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்த இடத்தைத்தான்.

நேரம் சரியாக இருந்தும் பொறி வந்தால், சுமை முழுமையாக அணையவில்லை என்று பொருள். பலகை 0.3 ஆம்பியர் மட்டும் இழுத்துக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ரெசிஸ்டரில் 6.6 வோல்ட் நிரந்தரமாக விழும். மின்தேக்கி 17.4 வோல்ட்டிலேயே நின்றுவிடும், எத்தனை நிமிடம் காத்திருந்தாலும். இரண்டாவது சுவிட்சை மூடினால் அந்த 6.6 வோல்ட் 110 ஆம்பியராகப் பாயும். உண்மையிலேயே ஷார்ட் இருந்தால் நிலைமை இன்னும் மோசம்: 26 வாட் ஓயாமல் விழ, 5 வாட் ரெசிஸ்டர் விரைவிலேயே ஆபத்தான அளவுக்குக் கொதிக்கும். அதனால் சில நொடிகளுக்குள் மின்னழுத்தம் ஏறாவிட்டால் முதல் சுவிட்சை அணைத்துவிட வேண்டும்.

இந்தக் காரணத்தால் நேரத்தை மட்டும் நம்பி ரிலேயை இயக்கும் சுற்றுகள் எனக்கு உவப்பானவை அல்ல. ரெசிஸ்டர் உள்ளே அறுந்திருந்தால் டைமருக்கு அது தெரியாது. காலியான மின்தேக்கியின் மேல் ரிலேயை மூடி 400 ஆம்பியரைத் திரும்ப வரவழைத்துவிடும். மின்னழுத்தத்தைப் பார்த்து மூடுவதே சரி.

எந்த மின்னழுத்தத்தை? ரெசிஸ்டரின் மேல் பூஜ்யம் என்றால் நிரம்பிவிட்டது என்று எடுத்துக்கொள்ளத் தோன்றும். ஆனால் ஃபியூஸ் போயிருந்தாலும் அங்கே பூஜ்யம்தான் காட்டும், மின்னோட்டமே இல்லை அல்லவா! மின்தேக்கியின் முனைகளில் அளவிடுங்கள். பேட்டரியின் அப்போதைய மின்னழுத்தத்துக்கும் அதற்கும் வித்தியாசம் அரை வோல்ட்டுக்குள் வந்தால் மூடலாம். அப்போது பாய்வது சுமார் 8 ஆம்பியர், 10 ஆம்பியர் தொடுமுனைக்கு அது பாதகமில்லை.

அணைக்கும்போது

சுமை, இரண்டாவது சுவிட்ச், முதல் சுவிட்ச் என்று தலைகீழாக அணையுங்கள். இரண்டாவது மூடியே இருந்துவிட்டால் அடுத்த முறை முதல் சுவிட்சைப் போடும்போது ரெசிஸ்டர் வழியில் இல்லாததற்குச் சமம்.

மின்தேக்கியில் 24 வோல்ட் இன்னும் இருக்கும். ஸ்க்ரூடிரைவரால் முனைகளைக் குறுக்கே தொட்டு இறக்குவது, நாம் இவ்வளவு நேரம் தவிர்த்த அதே பாய்ச்சலை எதிர்த் திசையில் வரவழைப்பதுதான். முன்பு பயன்படுத்திய 1 கிலோஓம் ரெசிஸ்டரைக் குறுக்கே வைத்து ஒரு நிமிடம் பிடியுங்கள். எடுத்த பிறகு சில நிமிடம் கழித்து மீட்டர் வைத்தால் வோல்ட் சிறிது மீண்டிருக்கலாம். மின்தேக்கியின் காப்புப் படலம் பிடித்துவைத்த மின்னூட்டம் மெல்ல வெளிவருகிறது. நெடுநேரம் கழற்றி வைக்கப் போவதாக இருந்தால் ரெசிஸ்டரைக் குறுக்கேயே விட்டுவிடுங்கள்.