"பற்றிப் பார்ப்போம்" போதாது: வாதக் கட்டுரையின் மையக்கருத்தில் வரும் தவறுகள்

கொடைக்கானல் பிள்ளைகளிடம் வாதக் கட்டுரை எழுதச் சொன்னால் பலரும், மலைக்கு வரும் வெளியூர் வண்டிகள் முன்கூட்டியே இணையத்தில் எடுக்க வேண்டிய இ-பாஸைத்தான் எடுக்கிறார்கள். நல்ல தேர்வு. ஆனால் முதல் பத்தி இப்படி முடியும்: "இக்கட்டுரையில் இ-பாஸ் முறையைப் பற்றிப் பார்ப்போம்." எதைப் பேசப்போகிறார் என்று தெரிகிறது. எந்தப் பக்கம் நிற்கிறார் என்று தெரியவில்லை. அந்தப் பக்கத்தைச் சொல்லும் வாக்கியம்தான் மையக்கருத்து.

திருத்தி எழுதச் சொன்னால், "இ-பாஸால் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு" என்று வரும். இதை மறுக்க யாரும் இல்லை. இன்னும் சிலர், "உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமானது" என்பார்கள். அது தகவல். உள்ளே ஆதாரமாக வைக்கலாம், மையக்கருத்தாக வைக்க முடியாது. "மலையைக் காப்பது நம் கடமை" என்பதும் இதே ரகம்தான்.

உங்கள் வாக்கியத்தை எதிர்மறையாக்கிப் பாருங்கள். அந்த எதிர்வாக்கியத்துக்காக வாதாட ஊரில் விவரமான ஒருவராவது இருக்க வேண்டும். "மலையைக் காப்பது நம் கடமை இல்லை" என்று யார் வாதாடுவார்?

சரி, "இ-பாஸை ரத்து செய்ய வேண்டும்" என்றால்? இதற்கு எதிராளி உண்டு. ஆனால் ஏன் ரத்து செய்ய வேண்டும் என்பது வாக்கியத்தில் இல்லை. அதனால் அடுத்த பத்தியில் என்ன எழுதுவது என்று எழுதுபவருக்கே பிடிபடாது. விடுதி, குப்பை, யானை என்று கட்டுரை அலையும். இங்கே கேட்க வேண்டியது, "எதனால்? அதற்குப் பதில் என்ன?" 2025 ஏப்ரலில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் நாளுக்கு 4,000, வார இறுதியில் நாளுக்கு 6,000 வண்டிகள் என்று வரம்பு வந்தது. எண்ணப்படுவது வண்டிதான், ஆள் இல்லை. இதைப் பிடித்துக்கொண்டால் வாக்கியம் இப்படி ஆகும்:

"கொடைக்கானலில் சீசன் நெரிசலைக் குறைக்க, வண்டிகளுக்கு வரம்பு வைப்பதைவிட, வெளியூர்க் கார்களை மலைக்குக் கீழே வத்தலக்குண்டிலேயே நிறுத்திப் பயணிகளைப் பேருந்தில் ஏற்றிவருவதே மேல், ஏனெனில் சாலையை அடைப்பது கார்கள், ஊர்க் கடைகள் பிழைப்பது வரும் ஆட்களால்."

இப்போது பத்திகள் தாமாகப் பிரிகின்றன: சாலையை அடைப்பது கார்தானா, கடைகள் எத்தனை பேர் வருவதை நம்பியிருக்கின்றன, வத்தலக்குண்டில் நிறுத்த இடம் உண்டா. எதிர்ப்பும் தெரிகிறது. வயதானவர்களோடு வரும் குடும்பம் மூட்டைமுடிச்சோடு வண்டி மாற எப்படிச் சம்மதிக்கும் என்பார்கள். அதற்கு ஒரு பத்தி ஒதுக்கத்தான் வேண்டும்.

கூர்மையாக்குகிறேன் என்று, "இ-பாஸால் கொடைக்கானலே அழிந்துவிடும்" என்று எழுதுபவர்களும் உண்டு. குரல் உயர்ந்ததே தவிர, வாதம் கூர்மையாகவில்லை. இதை நிரூபிக்க ஆதாரம் எங்கே கிடைக்கும்? அதேபோல, நீங்கள் திரட்டிய விவரம் ஏரிச் சாலையையும் தூண் பாறையையும் பற்றியது மட்டும் என்றால், வாக்கியத்தில் மேல்மலைக் கிராமங்களையும் சேர்த்து இழுக்காதீர்கள். கட்டுரையை முடித்தபின் முதல் பத்திக்குத் திரும்பி, நிரூபித்த அளவுக்கு அந்த வாக்கியத்தைச் சுருக்கிவிடுங்கள்.