மடிக்கணினி பழுதானபின் ஆசிரியருக்கு எழுதும் கடிதம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தாமதமான ஒப்படைப்பை ஏற்கும்படி மாணவர்கள் எனக்கு எழுதும் கடிதங்களில் அடிக்கடி காணும் தவறு, மடிக்கணினியை யாரும் திறந்து பார்ப்பதற்கு முன்பே "எல்லாக் கோப்புகளும் அழிந்துவிட்டன" என்று எழுதிவிடுவதாகும். கணினி இயங்காமல் போவதும் கோப்புகள் அழிவதும் ஒன்றல்ல. பழுது மதர்போர்டில் இருந்தால், ஹார்டு டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் இணைத்துக் கோப்புகளைப் பெரும்பாலும் எடுத்துவிடலாம். டிஸ்கே பழுதாகியிருந்தால்தான், குறிப்பாக அதிலிருந்து டக்டக்கென்று ஒலி வந்தால், இழப்புக்கு அஞ்ச வேண்டும். அப்போது திரும்பத் திரும்ப இயக்கிப் பார்க்காமல் அணைத்துவிட வேண்டும். அழிந்ததாக எழுதிய கோப்பு பத்து நாளில் மீண்டு வந்தால், உண்மையாக எழுதிய மாணவர்மீதும் ஐயம் விழுகிறது.

தங்கச்சிமடத்திலிருந்து கல்லூரிக்கு வரும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். மண்டபம் கடலில் மூங்கில் மிதவையில் கடற்பாசி வளர்வதை 45 நாள்கள் அளந்து அவர் அறிக்கை எழுதுகிறார். திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டிய நிலையில், சனிக்கிழமை இரவு கணினி நின்றுவிடுகிறது. அவர் முதலில் எழுதியது இது: "அம்மா, என் லேப்டாப் திடீரென்று கெட்டுப்போய்விட்டது, மிகவும் மன உளைச்சலில் இருக்கிறேன், தயவுசெய்து கொஞ்சம் அவகாசம் தாருங்கள்."

இதில் பணிவு இருக்கிறது. ஆசிரியர் முடிவெடுக்கத் தேவையான செய்தி இல்லை. அறிக்கையை மீண்டும் எழுதிவிடலாம், ஆனால் 45 நாள் அளவுகளைப் புதிதாக எடுக்க இன்னொரு 45 நாள்கள் வேண்டும். ஆகவே ஆசிரியர் முதலில் அறிய விரும்புவது, அந்த அளவுகள் வேறெங்காவது இருக்கின்றனவா என்பதைத்தான். எழுத உட்காருமுன் களக் குறிப்பேட்டையும், கைப்பேசிப் படங்களையும், தோழிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய பழைய வரைவையும் தேடிப் பார்ப்பது அதனால்தான் இன்றியமையாதது.

திருத்திய கடிதத்தின் நடுப்பகுதி இவ்வாறு அமையலாம்: "சனிக்கிழமை இரவு எனது மடிக்கணினி இயங்காமல் போனது. ஞாயிறு காலை பழுதுபார்க்கும் கடையில் கொடுத்தேன்; கோப்புகள் மீளுமா என்பதைப் புதன்கிழமை சொல்வதாகக் கூறியுள்ளனர். அளவுகள் அனைத்தும் குறிப்பேட்டில் உள்ளன. அட்டவணைகளும் முடிவுரையும் கணினியில் மட்டுமே இருந்தன. குறிப்பேட்டின் படங்களையும் கடை ரசீதையும் இத்துடன் இணைத்துள்ளேன். வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்குள் அறிக்கையை ஒப்படைக்க அனுமதிக்குமாறு வேண்டுகிறேன்."

"கொஞ்சம் அவகாசம்" என்பது நாளும் நேரமுமாக மாறியிருப்பதைக் கவனியுங்கள். கடை புதன்கிழமை கைவிரித்தாலும் குறிப்பேட்டிலிருந்து எழுதி முடிக்க இரண்டு நாள் இருக்கும்படி அந்த நாள் கணக்கிடப்பட்டுள்ளது. கடை சொல்லும் நாளையே ஒப்படைக்கும் நாளாகக் குறித்துவிட்டு, இரண்டாவது முறை அவகாசம் கேட்க நேர்வதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

கணினி சரியாகட்டும் என்று காத்திருந்து கெடு முடிந்தபின் எழுதுவதும் தவறே. ஞாயிறன்றே கைப்பேசியிலிருந்து அனுப்பிவிட வேண்டும். புதன்கிழமை கோப்பு கிடைத்துவிட்டால், அதையும் அன்றே ஆசிரியருக்கு ஒரு வரியில் தெரிவித்துவிட வேண்டும்.