சாணத்தில் முட்டை இல்லையா? ஈரலில் புழு இருக்கலாம்: தட்டைப்புழுவைக் கணக்கிட்டு மருந்து கொடுக்கும் முறை

ஆடு மாடு வளர்க்கத் தொடங்கியவர்கள் ஈரல் தட்டைப்புழு விஷயத்தில் ஒரே இடத்தில்தான் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். ஆடு மெலிகிறது, சாணத்தைப் பரிசோதிக்கக் கொடுக்கிறார்கள், "முட்டை இல்லை" என்று முடிவு வருகிறது. புழு இல்லை என்று நிம்மதி அடைகிறார்கள். அடுத்த வாரம் ஆடு சாகிறது. அறுத்துப் பார்த்தால் ஈரல் முழுக்கப் புழு துளைத்த தடம். பரிசோதனையில் தவறில்லை. அந்தப் புழுக்களுக்கு இன்னும் முட்டையிடும் வயது வரவில்லை, அவ்வளவுதான். அதனால் முட்டை எண்ணிக்கையை எப்போதும் வார நாட்காட்டியோடு சேர்த்தே படிக்க வேண்டும். அதற்கான வழியைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: புழுவின் நாட்காட்டியை எழுதிக்கொள்ளுங்கள்

ஈரலில் வாழும் முதிர்ந்த புழு இடும் முட்டை, பித்தத்தோடு குடலுக்கு வந்து சாணத்தில் வெளியேறுகிறது. ஈரமும் வெப்பமும் இருந்தால் இரண்டு மூன்று வாரங்களில் பொரிகிறது. 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே முட்டை வளர்வதில்லை. பொரித்து வரும் நுண்ணிய குஞ்சுக்கு ஒரு நாள் அளவே ஆயுள். அதற்குள் தனக்குரிய நத்தையைக் கண்டுபிடித்து உள்ளே புகுந்தாக வேண்டும்.

நத்தைக்குள்தான் விபரீதம் நடக்கிறது. உள்ளே போன ஒரே குஞ்சு, ஆறேழு வாரங்களில் நூற்றுக்கணக்கான வால் கொண்ட இளவுயிர்களாகப் பெருகி வெளியேறுகிறது. அவை புல்லில் ஒட்டி, வாலை உதறி, கூடு கட்டிக்கொள்கின்றன. ஈரப்பசை இருக்கும்வரை இந்தக் கூடுகள் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். கடும் வெயிலிலும் வறட்சியிலும் மடியும்.

கூட்டை ஆடு தின்றதும் புழு குடற்சுவரைத் துளைத்து வயிற்றறைக்கு வருகிறது. அங்கிருந்து ஈரலுக்குள் நுழைந்து, ஆறு முதல் எட்டு வாரம் அதைத் தின்றபடியே ஊர்கிறது. பிறகு பித்த நாளத்தை அடைந்து முதிர்கிறது. குளிர்ந்த பகுதிகளில் காணப்படும் ஃபேசியோலா ஹெபாட்டிகா தின்ற நாளிலிருந்து 10 முதல் 12 வாரத்தில் முட்டையிடத் தொடங்கும். வெப்பப் பகுதிகளின் ஃபேசியோலா ஜைகாண்டிகாவுக்கு 13 முதல் 16 வாரம் ஆகும். இந்த இடைவெளியை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். மீதி எல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது.

படி 2: நத்தையைத் தேடுங்கள்

ஆழமாக, வேகமாக ஓடும் நீரில் தேட வேண்டாம். வாய்க்கால் ஓரம், நீர் கசியும் இடம், தண்ணீர்த் தொட்டியைச் சுற்றியுள்ள சேறு, குளம்பு பதிந்த குழிகள், நீர்ச்செடி படர்ந்த தேங்குநீர் ஆகியவற்றில் பாருங்கள். கிடைத்த நத்தையின் கூர்முனை மேலே இருக்க, வாய் உங்களைப் பார்க்கும்படி பிடியுங்கள். வாய் வலப்புறம் இருந்தால் அது தட்டைப்புழு வளரும் லிம்னேயா இனமாக இருக்கலாம். இடப்புறம் இருந்தால் அல்ல. நத்தை இருந்துவிட்டால் நோய் இருக்கிறது என்று பொருளில்லை. ஆனால் அந்த நிலத்துக்கு மந்தை எந்த நாளில் போனது என்பதைக் குறித்து வையுங்கள். அந்த நாளே உங்கள் கணக்கின் பூஜ்யம்.

படி 3: முட்டையை எண்ணுங்கள்

தட்டைப்புழு முட்டை கனமானது. உருளைப்புழுவுக்குச் செய்வதுபோல உப்புக் கரைசலில் மிதக்கவிட்டால் இது மிதக்காது. நீங்கள் "இல்லை" என்று தவறாக எழுதுவீர்கள். படியவிடும் முறைதான் வேண்டும்.

தரையில் கிடக்கும் சாணத்தை எடுக்காமல், மலக்குடலிலிருந்து புதிதாக எடுங்கள். ஆட்டுக்கு 3 கிராம், மாட்டுக்கு 10 கிராம். தண்ணீரில் நன்றாகக் கரைத்து, தேநீர் வடிகட்டியில் வடித்து, அடி குறுகிய உயரமான குவளையில் ஊற்றுங்கள். நான்கைந்து நிமிடம் ஆடாமல் வைத்திருந்து, மேல்நீரை மெல்லச் சாய்த்துவிட்டு, புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். மேல்நீர் தெளியும்வரை மூன்று நான்கு முறை இதைச் செய்ய வேண்டும். அவசரப்பட்டுச் சாய்த்தால் முட்டையும் போய்விடும். புதியவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான்.

கடைசிப் படிவில் ஒரு சொட்டு மெத்திலீன் நீலம் விட்டு, கோடு போட்ட கண்ணாடித் தட்டில் ஊற்றி, நுண்ணோக்கியில் 40 மடங்கில் பாருங்கள். நாரும் தூசியும் நீலமாகத் தெரியும். தட்டைப்புழு முட்டை பொன்மஞ்சளாகத் தனித்து நிற்கும். அசையூண் வயிற்றுத் தட்டைப்புழுவின் முட்டையும் இதே வடிவில் இருக்கும், ஆனால் நிறமற்றுச் சாம்பல் சாயலில் இருக்கும். இரண்டையும் குழப்பினால் தேவையற்ற மருந்து கொடுப்பீர்கள். மொத்த முட்டையைக் கிராம் எண்ணால் வகுத்தால் ஒரு கிராமுக்கான எண்ணிக்கை கிடைக்கும்.

முட்டைகள் பித்தப்பையில் தேங்கி விட்டுவிட்டு வெளிவருவதால், ஒரு நாளின் எண்ணிக்கையை மட்டும் நம்பக் கூடாது. பத்து விலங்குகளிடமாவது எடுங்கள். மாட்டில் எண்ணிக்கை எப்போதும் குறைவாகவே வரும். கிராமுக்கு இரண்டு மூன்று கிடைத்தாலும் அலட்சியம் வேண்டாம்.

படி 4: வாரத்தைப் பார்த்து மருந்தைத் தேர்ந்தெடுங்கள்

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 40 செம்மறியாடுகள் நத்தை உள்ள ஈரநிலத்தில் மேயத் தொடங்குகின்றன; அங்கிருப்பது ஹெபாட்டிகா. 5ஆம் வாரம் கண்ணிமை வெளுக்கிறது, இரண்டு ஆடுகள் இறக்கின்றன. முட்டை எண்ணிக்கை பூஜ்யம். நாட்காட்டிப்படி அது பூஜ்யமாகத்தான் இருக்க வேண்டும்! இறந்த ஆட்டின் ஈரலில் இரத்தம் கசிந்த தடங்களும் சில மில்லிமீட்டர் அளவு இளம்புழுக்களும் இருந்தால் நோய் உறுதி.

இப்போது ஆல்பென்டசோல் கொடுத்தால் வீண். அது முதிர்ந்த புழுவை மட்டுமே கொல்லும். ஆக்சிகுளோசனைடும் முதிர்ந்தவற்றுக்கானதே. குளோசன்டெல், நைட்ராக்சினில் இரண்டும் ஏறத்தாழ ஆறேழு வாரத்துக்கு மேற்பட்ட புழுவைப் பிடிக்கும். 5ஆம் வாரத்தில் உதவுவது இரண்டு வார இளம்புழுவையும் கொல்லும் டிரைக்கிளாபென்டசோல்தான்: ஆட்டுக்குக் கிலோ எடைக்கு 10 மில்லிகிராம், மாட்டுக்கு 12 மில்லிகிராம். எடையைக் கண்ணால் மதிப்பிடாமல் நிறுத்துப் பாருங்கள். பால் தரும் விலங்குக்கும் சினை விலங்குக்கும் எது பொருந்தும், பாலையும் இறைச்சியையும் எத்தனை நாள் விலக்க வேண்டும் என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்ட பிறகே கொடுங்கள். மருந்து கொடுத்ததும் மந்தையை உலர்நிலத்துக்கு மாற்றுங்கள். அதே சேற்றில் மேய்ந்தால் மறுநாளே புதுப்புழு ஏறும்.

இதே மந்தை சாவில்லாமல் மெல்ல மெலிந்து, 14ஆம் வாரத்தில் தாடைக்கீழ் வீக்கத்தோடு வந்திருந்தால் நிலைமை வேறு. இப்போது முட்டை தெரியும். ஈரநிலத்தை விட்டு வெளியேறி வெகுநாள் ஆகியிருந்தால் முதிர்புழு மருந்தே போதும். டிரைக்கிளாபென்டசோலைச் செலவழிக்க வேண்டாம். இன்னும் அங்கேயே மேய்ந்துகொண்டிருந்தால் எல்லா வயதுப் புழுவும் உள்ளே இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

படி 5: மருந்து வேலை செய்ததா என்று எண்ணிப் பாருங்கள்

டிரைக்கிளாபென்டசோலை எதிர்த்து நிற்கும் புழுக்கள் 1995இல் ஆஸ்திரேலியாவில் பதிவாயின. பின்னர் வேறு பல நாடுகளிலும் கண்டறியப்பட்டன. எனவே சரிபார்த்தே ஆக வேண்டும். மருந்துக்கு முன்பும், 21 நாள் கழித்தும் அதே ஆடுகளின் சாணத்தை எண்ணுங்கள். முன்கூட்டியே எண்ணினால் பித்தப்பையில் தங்கிய பழைய முட்டைகள் உங்களை ஏமாற்றும்.

முன்பு 3 கிராமில் 60 முட்டை, அதாவது கிராமுக்கு 20. பின்பு 24, அதாவது கிராமுக்கு 8. குறைவு 60 விழுக்காடு மட்டுமே. 90 விழுக்காட்டுக்கும் கீழே போனால் முதலில் அளவைச் சந்தேகியுங்கள்: எடை சரியா, ஊட்டும் கருவி சரியான அளவு தருகிறதா, ஆடு மருந்தைத் துப்பியதா? இவை எல்லாம் சரியாக இருந்தால்தான் எதிர்ப்புத்திறன் என்ற முடிவுக்கு வரலாம்.

முதிர்புழு மருந்தில் இந்தக் கணக்கு ஒரு பொறி வைக்கிறது. மருந்து கொடுத்த நாளில் 8 வாரமாக இருந்து தப்பிய புழு, 21 நாளில் 11 வாரமாகி முட்டையிடத் தொடங்கிவிடும். மருந்து ஒழுங்காக வேலை செய்திருந்தும் தோற்றதுபோலத் தெரியும். அப்படி ஒரு முடிவு வந்தால், மருந்தைக் குறை சொல்லும் முன் ஆடுகள் ஈரநிலத்தில் கடைசியாக மேய்ந்த தேதியை எடுத்து, அன்றிலிருந்து வாரங்களை எண்ணுங்கள்.