டாலர் தாமதமாக வந்தால் கணக்கில் எங்கே தப்பு நடக்கிறது

தண்டையார்பேட்டையில் வீட்டிலிருந்தே வெப்சைட் டிசைன் செய்யும் ஒரு தம்பி போன மாதம் என்னிடம் வந்து, "அண்ணே, டாலர் ரேட் ஏறித்தான் இருக்கு, ஆனா எனக்கு 730 ரூபா நஷ்டம் காட்டுது, எப்படி?" என்று கேட்டார். அவர் கணக்கை எளிமையான எண்களில் சொல்கிறேன்.

பிப்ரவரி 20-ல் 2,000 டாலருக்கு இன்வாய்ஸ், அன்றைய ரேட் 86 ரூபாய். அதனால் வருமானம் 1,72,000. இந்தத் தொகை அன்றோடு முடிவானது. ஏப்ரலில் பணம் வந்தபோது ரேட் 86.50, ஆனால் பேங்கில் ஏறியது 1,71,270 தான். உடனே அவர் இன்வாய்ஸ் தொகையையே 1,71,270 என்று திருத்திவிட்டார். முதல் தவறு இதுதான், ஏனென்றால் செய்த வேலையின் மதிப்பு மாறவே இல்லை, மாறியது வர வேண்டிய பாக்கியின் ரூபாய் மதிப்பு மட்டும். ஜிஎஸ்டி பதிவு இருந்தால் ரிட்டர்னில் காட்டிய ஏற்றுமதித் தொகையோடும் இது இடிக்கும்.

சரி, அந்த 730 எங்கிருந்து வந்தது? வெளிநாட்டுப் பணம் வரும்போது பேங்க் தரும் அட்வைஸ் என்ற விவரச் சீட்டை வாங்கிப் பார்த்தோம். அதில் வந்து சேர்ந்தது 1,980 டாலர் என்று இருந்தது. நடுவில் இருந்த பேங்க் 20 டாலரைக் கட்டணமாகப் பிடித்துக்கொண்டது, அதாவது 1,730 ரூபாய். முழு 2,000 டாலரையும் 86.50-ல் பெருக்கினால் 1,73,000, ஆக அவருக்கு உண்மையில் 1,000 ரூபாய் லாபம். லாபத்தையும் கட்டணத்தையும் ஒரே வரியில் போட்டதால் அது நஷ்டம் மாதிரித் தெரிந்தது. கட்டணம் தனிச் செலவு, எக்ஸ்சேஞ்ச் லாபம் தனி வரவு. பேங்க் ஸ்டேட்மென்ட்டை மட்டும் பார்த்தால் இது பிடிபடாது, எத்தனை டாலர் வந்தது, எந்த ரேட்டில் மாற்றினார்கள் என்ற இரண்டும் அட்வைஸில்தான் இருக்கும், அதைக் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் மார்ச் 31. அன்றைக்குப் பணம் வராமல் நின்றால் பாக்கியை அன்றைய ரேட்டில் மறுபடி மதிப்பிட வேண்டும், இதைப் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். அன்று ரேட் 85 என்றால் பாக்கி 1,70,000, பழைய ஆண்டில் 2,000 நஷ்டம். ஏப்ரலில் அதே பாக்கி 1,73,000 ஆகும்போது புது ஆண்டில் 3,000 லாபம். மொத்தத்தில் அதே 1,000 தான், ஆனால் இரண்டு ஆண்டுகளில் பிரிந்து நிற்கும்.

இவ்வளவும் இன்வாய்ஸ் போட்ட நாளிலேயே வருமானம் எழுதுகிறவர்களுக்கு. பணம் கைக்கு வரும் நாளில்தான் வருமானமாக எழுதுவேன் என்று தொடர்ந்து கேஷ் முறையில் கணக்கு வைப்பவருக்கு இன்வாய்ஸ் ரேட்டோடு ஒப்பிட எதுவுமே இல்லை, வந்த நாளின் ரேட்தான் வருமானம். பிடித்த கட்டணம் மட்டும் அவருக்கும் செலவு.