ரெடிஸில் வைத்த காலி அறைக் கணக்கு எப்போது காலாவதியாக வேண்டும்?

வேலூருக்கு சிகிச்சைக்கு வருபவர்கள் தங்கும் விடுதிகளுக்கு ஒரு புக்கிங் தளம் செய்து கொடுத்தோம். காலி அறைகளைக் கணக்கிடும் குவெரி மூன்று விநாடி எடுத்தது. அதன் விடையை ரெடிஸில் வைத்தோம்:

```
SET kaali:vlr:0612 "14" EX 60
```

ஏன் 60 விநாடி? விடுதிக்காரரிடம், "அண்ணே, பழைய எண்ணிக்கை எவ்வளவு நேரம் தெரிஞ்சா பரவாயில்ல?" என்று கேட்டோம். "ஒரு நிமிஷம் போகலாம்" என்றார். குவெரி எவ்வளவு மெதுவாக ஓடுகிறது என்பதை வைத்து காலாவதி நேரத்தை முடிவு செய்யாதீர்கள். பழைய விடையால் யாருக்கு என்ன நஷ்டம் என்று பாருங்கள். அறை வாடகை எப்போதாவதுதான் மாறும், அதற்கு ஒரு மணி நேரமே கொடுக்கலாம்.

புக்கிங் நடந்ததும், டேட்டாபேஸில் கமிட் ஆன பிறகு, அந்தக் கீயை `DEL` செய்துவிடுங்கள். கமிட்டுக்கு முன்பே அழித்தால், இடையில் வரும் ஒருவர் பழைய எண்ணையே மறுபடி ரெடிஸில் ஏற்றிவிடுவார். அழிக்கத் தவறினாலும் 60 விநாடி காப்பாற்றும். அறையை உறுதி செய்யும் கடைசிப் படி மட்டும் நேராக டேட்டாபேஸைத்தான் பார்க்க வேண்டும்.

எங்களைக் கடித்தது வேறொன்று. ஓரிடத்தில் `EX` இல்லாமல் அதே கீயை `SET` செய்திருந்தோம். அப்படிச் செய்தால் முந்தைய காலாவதி நேரமும் போய்விடும். நோயாளியோடு வந்த ஒரு குடும்பம், இல்லாத அறையை நம்பி இரவில் காட்பாடியிலிருந்து வந்து நின்றது. இப்படிப் பாருங்கள்:

```
TTL kaali:vlr:0612
```

`-1` வந்தால் அந்தக் கீக்குக் காலாவதியே இல்லை. `-2` என்றால் கீயே இல்லை.